ஆப்பசோடா மஞ்சளைச் சிவக்க வைக்கல, செம்பருத்தி நீர் வெறும் தண்ணியிலேயே நீலமாகுது. பாடத்தை எப்படிச் சரிசெய்வது?

கடலோர டீச்சர் (குளச்சல் பக்கம்)

எட்டாம் வகுப்புக்கு அமிலம், காரம் பாடம். 45 நிமிஷம், குழுவுக்கு 5 பேர். பிள்ளைகள் முதல்ல காரணத்தோட ஊகத்தை எழுதணும், அப்புறம் செஞ்சு பார்க்கணும், கடைசியா ஊகமும் கண்டதும் ஏன் ஒத்துப்போச்சு, ஏன் போகலைன்னு விளக்கணும். பொருள்: எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணி, மோர், துணி சோப்புத் தண்ணி, ஆப்பசோடா, சுண்ணாம்பு. காட்டிக்குச் செம்பருத்தி இதழைக் கிணத்துத் தண்ணியில கொதிக்க வச்சேன். மஞ்சளைக் குழைச்சுத் தாளில் தடவிக் காய வச்சேன்.

ரெண்டு இடத்துல உதைக்குது. செம்பருத்திச் சாறு எதுவும் சேர்க்கும் முன்னாலேயே நீலப்பச்சையா நிக்குது. ஆப்பசோடாக் கரைசல் பட்ட மஞ்சள் தாள் கொஞ்சம் மங்கி ஆரஞ்சு மாதிரி தெரியுது, சிவக்கல. ஆப்பசோடா காரம்னு ஊகம் எழுதின பிள்ளைங்க எல்லாரும் "அப்போ நாங்க எழுதுனது தப்பு"ன்னு அடிச்சுட்டாங்க. எழுதுனது சரிதானே, தாள்தான் பொய் சொல்லுது. இதை எப்படிச் சொல்றது?

மார்த்தாண்டம் ட்யூஷன்

சோடா பழசா இருக்கும் டீச்சர். புது பாக்கெட் வாங்கி ரெண்டு ஸ்பூன் கூடப் போடுங்க. தண்ணில பிரச்சினை இருக்க வாய்ப்பில்ல, இங்க எங்க கிணத்துத் தண்ணியில செம்பருத்தி அழகா ஊதாவாத்தான் வருது. ஒருவேளை நீங்க வாங்கினது பேக்கிங் பவுடரா? அதையும் பாத்துக்கோங்க, அதுல புளிப்புச் சரக்கும் கலந்திருக்கும்.

ஆய்வகம் நாகர்கோவில்

பேக்கிங் பவுடர் சந்தேகம் நியாயமானது. ஒரு சிட்டிகையை வெறும் தண்ணியில போடுங்க. பொங்கினா அது பேக்கிங் பவுடர், சத்தமில்லாமல் கரைஞ்சா ஆப்பசோடா. ஆனா கூடப் போடுறதுல பயனில்ல. ஆப்பசோடாக் கரைசலின் pH ஏறக்குறைய 8.3. கால் ஸ்பூன் போட்டாலும் ரெண்டு ஸ்பூன் போட்டாலும் பெரிசா மாறாது. மஞ்சள் நிறம் மாற ஆரம்பிக்கிறதே pH 7.4-க்கு மேலே, முழுசாச் சிவக்க 9 பக்கம் போகணும். நீங்க பார்த்த ஆரஞ்சு அந்த நடுவழி நிறம்தான். தாள் பொய் சொல்லல, பாதிதான் சொல்லுது.

இதை மறைக்காம அடுத்த ஊகமா மாத்திடுங்க. முந்தின நாள் வீட்டுல ரெண்டு ஸ்பூன் ஆப்பசோடாவை உலர்ந்த எவர்சில்வர் சட்டியில, சின்னத் தீயில கிளறிக்கிட்டே வறுங்க. தூள் லேசாக் கொதிக்கிற மாதிரி புரளும். ஆவியும் கரியமில வாயுவும் போறதுதான் காரணம். மேலே குளிர்ந்த தட்டு பிடிச்சா நீர்த்துளி தெரியும், துளி நின்னா முடிஞ்சது. அப்போ அது சலவை சோடா. அதே தாளில் இது ரத்தச் சிவப்பு காட்டும். பிள்ளைகளுக்கு ரெண்டு வெள்ளைத் தூளையும் காட்டி, "ஒண்ணு அடுப்பு பார்த்தது, எது சிவக்கும், ஏன்?"னு முதல்ல எழுத வையுங்க. அலுமினியச் சட்டி வேண்டாம், சலவை சோடா அதை அரிக்கும்.

இனி செம்பருத்தி. மார்த்தாண்டம் பக்கம் செம்மண்ணும் செம்பாறையும். அங்க கிணத்துத் தண்ணி பெரும்பாலும் கொஞ்சம் புளிப்புப் பக்கமே இருக்கும், அதான் அவருக்கு ஊதா. கடலோரத்துல மணலோட சிப்பி ஓடு கலந்திருக்கும், தண்ணியில பைகார்பனேட் ஏறியிருக்கும். அதைக் கொதிக்க வச்சா கரியமில வாயு வெளியேறி pH இன்னும் மேலே போகும். பாத்திரத்து அடியில வெள்ளைப் பொருக்கு படியுதில்ல, அதுவே அடையாளம். அதனால கொதிக்க வச்சது பலனைக் கெடுத்திருக்கு.

கேன் தண்ணியோ, வெட்டவெளியில பாத்திரம் வச்சுப் பிடிச்ச மழைத்தண்ணியோ எடுங்க (கான்கிரீட் கூரையில வழிஞ்சது வேண்டாம், சிமெண்ட் காரம்). 10 பூவின் சிவப்பு இதழ் மட்டும், மகரந்தத் தண்டும் பச்சைப் புல்லியும் வேண்டாம். 200 மில்லி சூடான தண்ணி ஊத்தி 10 நிமிஷம், பிழியாம வடிகட்டுங்க. பிழிஞ்சா வழவழன்னு ஆயிரும், சொட்டாது. பேட்டரி கடையில தண்ணி வாங்கினா லேபிள் பார்த்து வாங்கணும், பக்கத்துலயே பேட்டரி ஆசிட் கேனும் இருக்கும்.

ரப்பர்காட்டுக்காரன்

ஆசிட் வேணும்னா சொல்லுங்க டீச்சர். எங்க புரையில ஷீட் அடிக்கப் பாலை உறைய வைக்கிற ஆசிட் கேன் நிக்குது, பையனே எடுத்துட்டு வருவான். அது தொட்டா மஞ்சளு என்னாகும்?

ஆய்வகம் நாகர்கோவில்

வேண்டாம் அண்ணே. அது பார்மிக் ஆசிட், கலக்காததா இருந்தா தோலைப் பொசுக்கும், ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும். மஞ்சள் அமிலத்துல நிறம் மாறவும் மாறாது, பார்க்க ஒண்ணுமில்ல. டீச்சர், உங்க பக்கம் ரப்பர் வீட்டுப் பிள்ளைங்க இருந்தா, வீட்டுல இருக்கிற ஆசிட் எதையும் கொண்டு வரக்கூடாதுன்னு முன்னாலேயே சொல்லிடுங்க. கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே மேசைக்கு வரவே கூடாது, சேர்ந்தா குளோரின் வாயு.

உங்க பட்டியல்ல எனக்குப் பயம் எலுமிச்சை இல்ல, சுண்ணாம்பு. வெத்தலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைங்க அழுத்திப் பீய்ச்சிக் கண்ணுல பட்டா பார்வையே போகலாம். அதனால பாக்கெட்டை வகுப்புக்குள்ள கொண்டு போகாதீங்க. வீட்டுல ஒரு லிட்டர் தண்ணியில பட்டாணி அளவு கலக்கி ராத்திரி தெளிய விடுங்க, மேல்தெளிவு மட்டும் சொட்டு பாட்டிலில். அதுவும் வலுவான காரம்தான், கண்ணாடி போட்டே தொடணும். கண்ணுல பட்டா எலுமிச்சை விட்டு ஈடுகட்டுறேன்னு யாரும் போகக்கூடாது. ஓடுற தண்ணியில 20 நிமிஷம் கழுவி, நேரே கண் டாக்டர்கிட்ட. நீற்றாத சுண்ணாம்புக் கல் வேண்டவே வேண்டாம், தண்ணி பட்டா கொதிக்கும். மேசைக்கு வந்த புளியையும் மோரையும் யாரும் நக்கக்கூடாது.

கடலோர டீச்சர்

மழைத்தண்ணியில ஊறவச்சுப் பார்த்தேன், இளஞ்சிவப்பு கலந்த ஊதா வந்துச்சு. கிணத்துத் தண்ணியில கொதிச்சதைப் பக்கத்துல வச்சா வேற பூ மாதிரி இருக்கு. இனி இந்த ரெண்டையும் வச்சே வகுப்பைத் தொடங்கப் போறேன். ஆனா விளக்கம் சொல்ற கட்டத்துல எலுமிச்சை "நிறத்தை வெளுத்துடுச்சு"ன்னு எழுதுறாங்க. அதை எப்படி உடைக்கிறது?

ஆய்வகம் நாகர்கோவில்

ஆரத்தித் தண்ணி போதும். கேன் தண்ணி 200 மில்லியில கால் ஸ்பூன் மஞ்சள், வடிகட்டி, தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டா விட்டுச் சிவக்க வையுங்க. ரெண்டு டம்ளர்ல பிரிங்க. "ஒண்ணுல எலுமிச்சை விட்டா என்ன நிறம்?"னு பேனாவால எழுத வையுங்க, பென்சில்னா அழிச்சுத் திருத்துவாங்க. அது மஞ்சளாகும். இப்போ யாரும் எதிர்பார்க்காத கேள்வி: "அதே டம்ளர்ல திரும்பச் சுண்ணாம்பு நீர் விட்டா?" வெளுத்திருந்தா நிறம் திரும்ப வரக்கூடாது. ஆனா சிவப்பு திரும்பும். எலுமிச்சை ஒரு சில சொட்டு மட்டும் விடுங்க, கூடப் போனா சுண்ணாம்பு நீர் டம்ளர் கணக்குல வேணும், பிள்ளைங்க பொறுமை போயிரும்.

மார்த்தாண்டம் ட்யூஷன்

சோடா அளவு பற்றி நான் சொன்னது ஒத்துவராது, சரி. இன்னொண்ணு: செம்பருத்திச் சாறைத் தாளில் நனைச்சுக் காய வச்சா மறுநாள் நீலமாகுது, நல்ல தண்ணியில எடுத்தும்.

ஆய்வகம் நாகர்கோவில்

ஜெராக்ஸ் தாளா? அதுல சுண்ணாம்புக்கல் பொடி நிரப்பி இருக்கும், தாளே காரம். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு லென்ஸ்ல பாருங்க, சில தாளில் நுணுக்கமா நுரைக்கும். வடிதாள்ல செஞ்சு பாருங்க.

மார்த்தாண்டம் ட்யூஷன்

வடிதாள்லதான் செஞ்சேன். அதுலயும் ஓரம் மட்டும் நீலம்.

கடலோர டீச்சர்

எனக்கும் ஓரம் நீலம். மழை ஈரத்துல ரெண்டு நாள் காயாம கிடந்த தாள். காத்தாடிக்குக் கீழே சீக்கிரம் காய வச்சதில் வரல. ஈரமா, காத்தா, எது காரணம்னு யாராவது பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா?