“எத்தனை சோப்பில் மறையும்?” – மூலிகைப் பொருள் விற்றவர்களின் அனுபவங்கள்

சோப்புக்கடை: அக்கா செய்யும் குப்பைமேனி சோப்பை ஒரு கண்காட்சியில் விற்றுக்கொண்டிருந்தேன். உறையில் “தேமல், படை, வெண்புள்ளி நீங்கும், பக்கவிளைவே இல்லை” என்று அச்சிட்டிருந்தோம். ஓர் அம்மா மகளின் மணிக்கட்டைத் திருப்பி என் முன் நீட்டினார். காசளவு வெள்ளை. “எத்தனை சோப்பில் மறையும் தம்பி?” என்றார். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். இப்போது புது உறை அடிக்கப்போகிறோம். என்ன எழுதலாம்?

ஈரோட்டுக்காரர்: கீழே சின்ன எழுத்தில் “இது மருந்து அல்ல” என்று போடுங்கள். யாரும் கேட்க முடியாது.

பழைய மருந்தாளுநர்: கேட்பார்கள் சார். மேலே “நீங்கும்” என்று எழுதிவிட்டுக் கீழே மறுத்தால் மேலே எழுதியது அழிந்துவிடாது. 1954-ஆம் ஆண்டு ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு, புற்றுநோயோடு வெண்புள்ளியும் இருக்கிறது. அவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரமே கூடாது. உறையும் விளம்பரம்தான், வாயால் கூவுவதும் விளம்பரம்தான். நிஜமாகவே குணமானது என்பது அங்கே பதிலாகாது. தேமலும் படையும் வேறு கணக்கு: அவற்றைப் போக்கும் என்றதுமே சோப்பு அழகுசாதனம் என்ற நிலையிலிருந்து மருந்தாகிவிடும், அதற்குத் தனி உரிமம் வேண்டும். “பக்கவிளைவே இல்லை” என்பதையும் எடுத்துவிடுங்கள். குப்பைமேனி பட்டுத் தோல் சிவந்து அரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். “குப்பைமேனிச் சாறும் தேங்காயெண்ணெயும் சேர்த்தது, தோலைச் சுத்தப்படுத்தும்” – இதோடு நிறுத்துங்கள். முதலில் முழங்கையின் உட்புறம் தடவிப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

கொங்குநாட்டாள்: எங்கள் மாமா சர்க்கரைக்கு ஒரு ஆவாரம்பூப் பொடி வாங்கினார். டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருந்ததைக் காட்டி “அரசாங்கமே ஒப்புக்கொண்டது” என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். சர்க்கரை எகிறி மருத்துவமனையில் படுத்தபோதும் டப்பா தலைமாட்டில் இருந்தது. அந்த எண், உணவாகத் தயாரித்து விற்க ஒருவருக்கு உரிமம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. பொடி வாங்குகிறவர்கள் மாத்திரையை விடாதீர்கள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், வீட்டுப் பெரியவர்கள் என்ன விழுங்குகிறார்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், டப்பாவையே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

ஈரோட்டுக்காரர்: கேட்டது சோப்பைப் பற்றி, அம்மா. சரி, “பாரம்பரியமாகத் தேமலுக்குப் பயன்படுவது” என்றால்? அது உண்மைதானே?

பழைய மருந்தாளுநர்: இலையைப் பற்றி உண்மை. உறையில் ஏறினால் வாங்குகிறவர் சோப்பைப் பற்றித்தான் படிப்பார். நோயின் பெயர் இருக்கும்வரை நான் ஒப்பமாட்டேன்.

சோப்புக்கடை: “சருமப் பிரச்சினைகளுக்கு” என்று பொதுவாகப் போட்டால் போதும் என்கிறாள் அக்கா. அது எந்தப் பக்கம் சேரும்?

ஈரோட்டுக்காரர்: தாராளமாகப் போடலாம்.

பழைய மருந்தாளுநர்: அக்காவிடம் கேளுங்கள்: அந்த அம்மா மறுபடி வந்து, “இந்தப் பிரச்சினைக்குமா?” என்று அதே மணிக்கட்டை நீட்டினால் என்ன சொல்வார்?