அடுக்கு காண லூப் போதுமா, வர்க்கம் எடுக்கும் வழி வேண்டுமா?

காட்பாடி மாணவி:
7-இன் 1000000000-ஆவது அடுக்கை 1000000007-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று லேப்பில் கேட்டார்கள். பைத்தானில் லூப் போட்டு 7-ஐப் பெருக்கிக்கொண்டே போனேன். நேரம் முடியும்வரை விடை வரவில்லை. பக்கத்து சிஸ்டத்தில் pow போட்டவனுக்கு எண்டர் தட்டியதும் வந்துவிட்டது. என் லூப்பில் என்ன குறை?

குடியாத்தம் வாத்தியார்:
லூப்பில் குறையே இல்லம்மா. வகுக்கும் 1000000007-ஐ m என்போம். ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கியதும் `% m` போடாமல் விட்டிருப்பாய், அதுதான் விஷயம். போட்டால் எண் வளராது. சி-யில் இதே 100 கோடி சுற்று சில நொடியில் முடிந்துவிடும். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் லூப்பைத்தான் சொல்லித் தருவேன். அடுக்கு என்றால் திரும்பத் திரும்பப் பெருக்குவது என்பது அதில்தான் கண்ணுக்குத் தெரியும்.

சத்துவாச்சாரி:
சார், 100 கோடி சுற்று எதற்கு? 7-ஐ வர்க்கம் எடுத்தால் 7^2, அதை வர்க்கம் எடுத்தால் 7^4, பிறகு 7^8. 100 கோடியை இருமத்தில் எழுதினால் 30 இலக்கம், அதில் 13 இடத்தில்தான் 1 இருக்கிறது. ஆக 30 வர்க்கம், 13 பெருக்கல், மொத்தம் 43. வேகம் முழுக்க இதனால்தான் வருகிறது. மீதியைக் கடைசியில் ஒரே தடவை எடுத்தால் போதும்: `pow(7, 10**9) % 1000000007`.

பாலாற்றங்கரை:
தம்பி, 43 என்ற எண்ணிக்கை சரி. ஆனால் நீங்கள் கடைசியில் எழுதிய வரியை ஓட்டிப் பாருங்கள், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

7^1000000000 என்பது சுமார் 84.5 கோடி இலக்கம் உள்ள எண். நினைவகத்தில் அது மட்டுமே 350 எம்பிக்கு மேல் பிடிக்கும். பைத்தான் பெரிய எண்களைப் பெருக்குவது கரட்சுபா முறையில். அதில் எண்ணின் நீளம் இரு மடங்கானால் வேலை மூன்று மடங்காகும். ஆகவே ஒவ்வொரு வர்க்கமும் அதற்கு முந்தியதைப்போல் மூன்று மடங்கு நேரம் எடுக்கும். கூட்டிப் பார்த்தால், எல்லா வர்க்கத்துக்கும் ஆகும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கை கடைசி ஒன்றே தின்றுவிடும். 43 பெருக்கலும் ஒரே எடை இல்லை. எத்தனை பெருக்கல் என்று மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது.

`pow(7, 10**9, 1000000007)` என்று மூன்றாவதாக m-ஐக் கொடுத்தால் ஒவ்வொரு படியிலும் மீதி எடுக்கப்படும். எந்த எண்ணும் m-ஐத் தாண்டி நிற்காது. பெருக்கிய கணம் மட்டும் m-இன் வர்க்கம்வரை போய்த் திரும்பும். அப்போதுதான் 43 பெருக்கலும் நிஜமாகவே சின்னப் பெருக்கல். வாத்தியார் சொன்ன `%`, நீங்கள் சொன்ன வர்க்கம், இரண்டும் சேர்ந்தால்தான் எண்டர் தட்டியதும் விடை.

கையால் ஒன்று செய்து பார்க்கலாம். 5^13-ஐ 23-ஆல் வகுத்த மீதி வேண்டும். 5^2 = 25, மீதி 2. அந்த 2-இன் வர்க்கம் 4, அது 5^4-க்கு. 4-இன் வர்க்கம் 16, அது 5^8-க்கு. 13 = 8 + 4 + 1 என்பதால் 16 × 4 × 5 = 320. 23-ஆல் வகுத்தால் மீதி 21. 120 கோடிக்கு மேல் உள்ள 5^13-ஐ நாம் எழுதவே இல்லை.

```python
def modpow(a, n, m):
    r = 1 % m
    a %= m
    while n:
        if n & 1:
            r = r * a % m
        n >>= 1
        a = a * a % m
    return r
```

முதல் வரியில் `1 % m` என்று இருப்பதைக் கவனியுங்கள். m = 1 என்றால் மீதி எப்போதும் 0. வெறும் 1 என்று தொடங்கினால் n = 0 வரும்போது தப்பு விடை வரும்.

ராணிப்பேட்டை கணக்கர்:
நான் தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மாதம் 2 வட்டி, 12 மாதம் கூட்டு வட்டி. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம் மட்டும் வேண்டும் என்று `pow(1.02, 12, 100)` போட்டேன், TypeError என்று திட்டுகிறது. இது பைத்தானில் உள்ள கோளாறா?

பாலாற்றங்கரை:
இல்லைங்க அண்ணே. மூன்றாவது எண் வகுத்து மீதி காண்பதற்கு, பைசாவைச் சுருக்குவதற்கு இல்லை. மூன்றுமே முழு எண்ணாக இருந்தால்தான் அது ஏற்கும். உங்களுக்கு `round(100000 * 1.02**12, 2)` போதும், லட்சம் ரூபாய்க்கு 126824.18 வரும். 12 மாதத்துக்கு லூப் போட்டாலும் ஒன்றும் குறையாது, மாதாமாதம் பாக்கியும் தெரியும்.

ஆம்பூர் சி-ப்ரோ:
சி-யிலும் `pow` இருக்கிறதே. `fmod(pow(3,34), m)` என்று முடித்துவிடலாம், இவ்வளவு எழுத வேண்டாம்.

பாலாற்றங்கரை:
அது `double`. 2^53 வரைதான் எல்லா முழு எண்ணையும் துல்லியமாகத் தாங்கும். 3^33 அதற்குள் அடங்கும், 3^34 அடங்காது. உண்மை மதிப்பு 16677181699666569, `double` ஆக்கினால் 16677181699666568. மூன்றின் அடுக்கு எதுவும் இரட்டைப்படையில் முடியாது, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்குமேல் fmod எடுப்பது தப்பான எண்ணுக்குச் சரியான மீதி.

சத்துவாச்சாரி:
அக்கா, சரி, ஏற்கிறேன். அப்படியானால் அடுக்கையும் m-ஆல் வகுத்து மீதி எடுத்துச் சின்னதாக்கிவிடலாமே?

பாலாற்றங்கரை:
கூடாது. 2^10-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. அடுக்கு 10-ஐ 7-ஆல் குறைத்து 3 ஆக்கினால் 2^3 = 8, மீதி 1. தப்பு. m பகா எண்ணாக இருந்து, a அதால் வகுபடாமல் இருந்தால், அடுக்கை m − 1-ஆல் குறைக்கலாம்: 10-ஐ 6-ஆல் குறைத்தால் 4, 2^4 = 16, மீதி 2.

மாணவிக்கு இதிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 1000000007 பகா எண். 7^1000000006-க்கு மீதி 1. உன் அடுக்கு அதற்கு 6 மட்டுமே குறைவு. எனவே உன் விடையை 7^6-ஆல், அதாவது 117649-ஆல், பெருக்கி மீதி எடுத்தால் 1 வர வேண்டும்.

காட்பாடி மாணவி:
போட்டேன் அக்கா, 1 வருகிறது. `modpow`, பைத்தானின் `pow` இரண்டிலும் ஒரே விடை.

குடியாத்தம் வாத்தியார்:
நல்லது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அடுக்கு 15 என்றால் உங்கள் வர்க்க வழிக்கு, முதலில் 1-ஐப் பெருக்குவதும் கடைசியில் வீணாகும் வர்க்கமும் போக, 6 பெருக்கல். x^3-ஐ 2 பெருக்கலில் எடுத்து, அதை ஐந்தாம் அடுக்குக்கு 3 பெருக்கலில் ஏற்றினால் 5-லேயே முடியும். அதனால் வர்க்க வழிதான் மிகக் குறைந்தது என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

பாலாற்றங்கரை:
உண்மைதான் சார். ஆனால் எந்த அடுக்குக்கு எது குறைவு என்று தேடுவதே பெரிய வேலை. அடுக்கு 10^18 வந்தால் வர்க்க வழிக்கு 60 சுற்று. உங்கள் லூப் நொடிக்கு 100 கோடி சுற்று ஓடினாலும் 31 வருஷம் தாண்டும்.

ஆம்பூர் சி-ப்ரோ:
அடுக்கு இல்லை, m-ஏ 10^18 பக்கம் இருந்தால்? `a * a` என்பது `long long`-ஐத் தாண்டிவிடும். `__int128` போடலாம் என்றால் எங்கள் லேப் கம்பைலர் அதை ஏற்கவில்லை.

சத்துவாச்சாரி:
பெருக்கலையும் இதே மாதிரி உடைக்கலாம். வர்க்கத்துக்குப் பதில் இரட்டித்துக் கூட்டி, ஒவ்வொரு கூட்டலிலும் மீதி எடு.

குடியாத்தம் வாத்தியார்:
அப்போது ஒரு பெருக்கலுக்கே 60 சுற்று ஆகுமே தம்பி. அடுக்கும் 10^18 என்றால் 60 வர்க்கத்துக்கே 3600 ஆயிற்று.

பாலாற்றங்கரை:
3600 ஒரு விடைக்குப் பரவாயில்லை, லட்சம் கேள்வி வந்தால் கனக்கும். மான்ட்கோமெரி முறையில் வகுத்தலே இல்லாமல் செய்யலாம், ஆனால் m ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஆம்பூர் தம்பி, உங்கள் m ஒற்றையா இரட்டையா?