புதுப்பிப்பு: இரண்டு ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்களை இங்கிலாந்து நர்ஸ் கவுன்சிலான என்.எம்.சி. சேர்த்துக்கொண்டதா?

அன்று கேட்டது: “ரைட்டிங்கில் 6தான். இங்கிலாந்து நர்ஸ் பதிவுக்கு நான்கு பிரிவு மதிப்பெண்களையும் ஒரே தேர்விலேயே வாங்கணுமா?”

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இரண்டு தேர்வைச் சேர்த்துக் காட்டலாம் என்று குன்னூர் அக்கா சொன்னதுதான் பலித்தது. முதல் தேர்வில் ரைட்டிங் தவிர மூன்றிலும் 7க்குக் குறையவில்லை. எட்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் மறுபடி எழுதினேன். ரைட்டிங் 6.5 வந்தது, ஆனால் ரீடிங் 6.5க்கு இறங்கிவிட்டது! இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள்.

சேர்க்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் என்று ஒரு தம்பி சொன்னது பழைய விதி. இப்போது பன்னிரண்டு மாதம். அதோடு இரண்டு தேர்விலும் ரைட்டிங் 6க்கும் மற்றவை 6.5க்கும் கீழே போகக்கூடாது. முதல் தடவை 5.5 வாங்கியிருந்தால் அது செல்லாது.

துபாய் டேட்டாஃப்ளோ பற்றி எழுதிய அண்ணா, அது வளைகுடாவுக்கான சரிபார்ப்பு, இதற்கு வேண்டாம்.

எதிர்பாராதது ஒன்று. நம்ம தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவுச் சரிபார்ப்பை நான் வாங்கி அனுப்ப முடியாதாம், அந்தக் கவுன்சிலே நேராக என்.எம்.சி.க்கு அனுப்பணும். கோத்தகிரியிலிருந்து சென்னைக்கு விண்ணப்பம் போய்விட்டது. பதிவில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். அது இடிக்குமா என்று இன்னும் தெரியவில்லை.