ஹஃப்மன் ஆய்வகப் பயிற்சி: கடைசி பைட்டில் வரும் உபரி எழுத்துகள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹஃப்மன் பயிற்சியில் மரம் சரியாக அமைகிறது. சம எண்ணிக்கை வரும்போது ஹீப் தடுமாறாதிருக்க, ஒவ்வொரு கணுவுக்கும் வரிசை எண் சேர்த்திருக்கிறேன்.

```
heapq.heappush(h, (f, seq, node))
```

சோதனைக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து `kallanai` என்ற சொல்லைக் கொடுத்தேன். கிடைத்த குறியீடுகள்: n=00, l=01, a=11, i=100, k=101. மொத்தம் 18 பிட்டுகள் என்பதால் கோப்பில் `BA E7 00` என மூன்று பைட்டுகள் எழுதப்படுகின்றன. கடைசி பைட்டில் முதல் இரண்டு பிட்டுகளே உண்மையானவை, மீதி ஆறும் நான் நிரப்பிய பூஜ்யங்கள். விரிக்கும் நிரல் அந்த ஆறையும் மூன்று n-களாகப் படித்து `kallanainnn` என்று தருகிறது. n-க்கு 00 வாய்த்ததால்தான் பிழை கண்ணில் பட்டது. குறியீடு நீளமாக இருந்திருந்தால் மறைந்தே இருந்திருக்கும்.

தலைப்பகுதியில் எழுத்துகளின் எண்ணிக்கையை எழுதினால், வேரின் மதிப்பான 8-ஐ வைத்தே நிறுத்திவிடலாம். ஆனால் குறியீட்டு நீளங்களை மட்டுமே எழுத வேண்டும் என்பது எங்கள் ஆய்வக விதி. ஆகவே எண்ணிக்கையையும் நீளத்தையும் பெருக்கிக் கூட்டி, நிரப்பு பிட்டுகளை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு பைட்டில் எழுதுவதா, அல்லது முடிவுக்குறி ஒன்றை மரத்திலேயே சேர்ப்பதா? பெரிய கோப்புகளைக் கையாண்டவர்கள், எது நடைமுறையில் பிழை குறைந்தது எனத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

ஒரே எழுத்து மட்டும் உள்ள கோப்பில் குறியீட்டு நீளம் பூஜ்யமாகிறது. அதை வலிந்து 1 ஆக்கியிருக்கிறேன். அது சரிதானா?