மொழிபெயர்ப்பு, டைப்பிங் கடைக்கு என்ன பெயர் வைக்கலாம்?

செல்வி, திண்டுக்கல்: கோர்ட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பும் டைப்பிங்கும் செய்யப் போகிறேன். 'சொல்வழி' என்று பெயர் வைக்க ஆசை. வீட்டில் 'திண்டுக்கல் மொழிபெயர்ப்பு தட்டச்சு மையம்' என்கிறார்கள். எது நல்லது?

தங்கராசு: வீட்டில் சொல்வதைக் கேளும்மா. பத்திர நகலைக் கையில் பிடித்துக்கொண்டு அவசரமாக வருகிறவர் 'சொல்வழி' என்ற பலகையைப் பார்த்துப் புத்தகக் கடை என்று தாண்டிப் போய்விடுவார். என்ன வேலை நடக்கிறதோ அதுதான் பெயரில் இருக்க வேண்டும்.

இளங்கோ: அண்ணா சொல்வது பலகைக்குச் சரி, பெயருக்குச் சரியில்லை. ஊர்ப் பெயரும் வேலையின் பெயரும் மட்டும் சேர்ந்த பெயரை வர்த்தகக் குறியாகப் பதிவு செய்ய முடிவது அரிது. 1999 சட்டத்தின் 9ஆம் பிரிவிலேயே அந்தத் தடை இருக்கிறது. நாளைக்கே பக்கத்துக் கடைக்காரர் 'புதிய திண்டுக்கல் மொழிபெயர்ப்பு மையம்' என்று பலகை மாட்டினால் செல்வியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. தனிப்பெயர் ஒன்றைப் பெரிதாக எழுதி, என்ன வேலை என்பதை அதன் கீழ் வரியில் எழுதினால் போதும்.

பானு: எங்கள் கடைப் பெயரில் 'தட்டச்சு' என்று இருந்தது. ஜூனியர் கிரேடு வகுப்புக்கு ஃபீஸ் எவ்வளவு, பரீட்சைக்கு எப்போது பணம் கட்டணும் என்று கேட்டுத்தான் பாதிப் பேர் வந்தார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைப் பார்த்தால் பயிலகம் என்றுதான் நினைப்பார்கள். 'டைப்பிங், பிரிண்ட் அவுட்' என்று மாற்றி எழுதிய பிறகு அந்தக் கேள்வி குறைந்தது.

மதன்: எதற்கு இவ்வளவு யோசனை? உத்யம் போர்ட்டலில் இலவசமாகப் பதிவு செய்தால் பெயர் உங்களுடையது.

இளங்கோ: உத்யம் பதிவு நல்லதுதான் மதன். சிறுதொழில் என்பதற்கு அது சான்று, வங்கிக் கடனுக்கும் உதவும். ஆனால் அதே பெயரில் இன்னொருவர் பதிவதை அது தடுக்காது. பெயருக்கு உரிமை வேண்டுமென்றால் வர்த்தகக் குறிதான். வர்த்தகக் குறிப் பதிவில் தொழில்களை எண் போட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் அதில் ஒரு சிக்கல் உண்டு: டைப்பிங் 35ஆம் வகுப்பில் வருகிறது, மொழிபெயர்ப்பு 41இல் வருகிறது. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய், ஆக இரண்டுக்கும் 9,000. பதிவு 10 ஆண்டு செல்லும். பணம் கட்டும் முன் tmrsearch.ipindia.gov.in தளத்தில் இரண்டு வகுப்பிலும் தேடுங்கள், ஒலி ஒத்த பெயர்களையும் சேர்த்து.

தங்கராசு: கடை திறக்கும் முன்பே ஒன்பதாயிரமா? பக்கத்திற்குக் கணக்குப் பார்த்து வாங்கும் தொழில் இது. முதலில் நாலு ஆபீஸ் பிடிக்கட்டும்.

இளங்கோ: உடனே பதிவு செய்யுங்கள் என்று நானும் சொல்லவில்லை அண்ணா. பின்னால் பதிவு செய்ய முடிகிற பெயராக இப்போதே இருக்கட்டும் என்கிறேன். அதைவிட எனக்குக் கவலை 'சொல்வழி'யில் உள்ள ழகரம். உங்களுக்குப் பாதி வேலை மின்னஞ்சலில்தான் வரும். நீங்கள் solvazhi என்று முகவரி வைப்பீர்கள், போனில் கேட்டவர் solvali என்றோ solvazi என்றோ அடிப்பார். அந்த முகவரி வேறு ஒருவருடையதாக இருந்தால் கட்சிக்காரரின் வாக்குமூலமோ மாணவியின் ஆய்வேடோ அவர் கைக்குப் போய்விடும். வக்கீல் ஆபீஸ் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் மறுபடி வராது. பெயரை நாலைந்து பேரிடம் போனில் சொல்லி, ஆங்கிலத்தில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஆளுக்கொரு மாதிரி வந்தால் அந்தப் பெயர் வேண்டாம்.

பானு: செல்வி, 'அரசு அங்கீகாரம் பெற்ற', 'இ-சேவை' என்றெல்லாம் பெயரோடு சேர்த்துவிடாதே. அரசின் ஆதரவு இருப்பதுபோல் காட்டும் பெயருக்கு, சின்னங்கள், பெயர்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950 சட்டப்படி தடை இருக்கிறது. மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துச் சான்று தர நோட்டரிக்கு அதிகாரம் உண்டு. பெயரில் 'சான்று' என்று போட்டால் முத்திரையும் நீயே குத்துவாய் என்று நம்பி வந்து சண்டை போடுவார்கள்.

செல்வி, திண்டுக்கல்: ரொம்ப நன்றி. மூன்று பேருக்குப் போன் போட்டுக் கேட்டேன், 'சொல்வழி' மூன்று விதமாகத்தான் வந்தது. 'பனை' என்று வைத்தால் எப்படி? ஏடு எழுதிய மரம், panai என்று எல்லோரும் ஒரே மாதிரி அடித்தார்கள்.

தங்கராசு: கருப்பட்டி இருக்கா என்று கேட்டு வருவார்கள்மா.

இளங்கோ: கீழ் வரி பெரிதாக இருந்தால் கேட்க மாட்டார்கள். கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி எழுத்துகள் 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் எழுத்து எப்படியும் பெரிதாகத்தான் வரும், அதில் 'மொழிபெயர்ப்பு, டைப்பிங்' என்று தெளிவாகப் போடுங்கள். ஆனால் சின்ன, பழகிய சொல் என்பதால் 35இல் யாராவது முன்பே வாங்கியிருக்கக்கூடும். தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.