புதுப்பிப்பு: கோதையாறு பாதையும் சிக்னலும்

நான் முன்பு கேட்டது: "பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு போகிறோம். சிக்னல் போய்விடுமாம், மேப் வேலை செய்யுமா?"

போய் வந்துவிட்டோம். அதற்குக் குலசேகரம் ஊர் அண்ணன் ஒருவர் சொன்ன பதில்தான் கை கொடுத்தது. குலசேகரத்திலேயே அந்தப் பகுதி மேப்பை டவுன்லோட் செய்து, டேட்டாவை அணைத்து ஒருமுறை திறந்து பார்த்தோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் டவர் தேவையில்லை. ஆனால் சிக்னல் போனபிறகு புதிதாக ஆன் செய்தால், நம் இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம்கூட ஆகலாம். மரங்கள் அடர்ந்த இடத்தில் இன்னும் தாமதம். அதனால் ஊருக்குள்ளேயே வழிகாட்டலைத் தொடங்கிவிட வேண்டும்.

"சிக்னலே இல்லாவிட்டாலும் அவசர எண் 112க்கு கால் போகும்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அது பாதிதான் சரி. நம் சிம்முக்கு டவர் இல்லாமல் வேறு கம்பெனி டவர் இருந்தால் போகும். எந்த டவரும் இல்லாத வளைவில் போகாது. ஆகவே மச்சானிடம் பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லி, "ஆறு மணிக்குள் பேசாவிட்டால் நீங்களே 112க்குச் சொல்லுங்கள்" என்று ஏற்பாடு செய்தோம்.

டவரைத் தேடியே போன் சார்ஜ் கரையும். ஒரு போனை ஃப்ளைட் மோடில் வைத்தோம், அப்போதும் ஜிபிஎஸ் ஓடியது.

அப்புறம், கோதையாறு வரை எந்த சிம் எடுக்கும் என்பதில் இன்னும் ஆளுக்கொரு பதில்தான்.