அரைப்புள்ளி போட்டது தப்பா? (அவசரம்)

மொட்டைமாடி: ஒரு இதழுக்குக் கதை அனுப்பியிருந்தேன். திருத்தத்துக்காகத் திரும்பி வந்த பக்கத்தில் அரைப்புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வேறு ஒரு சொல் எழுதவில்லை. இரண்டு பக்கமும் முழு வாக்கியம்தான், அப்புறம் என்ன தப்பு? இரவு பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

செல்வி_72: தம்பி, வாக்கியம் எங்கே?

பொன்னிநதி: தமிழ்99 என்றால் அந்த விசையில் ‘ந’தான் வரும். ஷிப்டோடு அதே விசையை அழுத்துங்கள், அரைப்புள்ளி விழும்.

மொட்டைமாடி: தட்டச்சு பிரச்சினை இல்லை சார். வாக்கியம் இதுதான்:
“மழை நின்றுவிட்டது; தெருவில் தண்ணீர் வடியவில்லை என்று அம்மா போனில் சொன்னாள்.”

ஏட்டுப்புலவர்: பள்ளியில் படித்ததை எல்லாரும் மறந்துவிட்டு இங்கே வந்து கேட்கிறார்கள். சரி, இன்னொரு முறை சொல்கிறேன். ஒரே எழுவாய் பல பயனிலைகளைக் கொள்ளும்போதுதான் அரைப்புள்ளி. ‘வேலன் கடைக்குப் போனான்; அரிசி வாங்கினான்; வீடு திரும்பினான்.’ உங்கள் வாக்கியத்தில் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் அம்மா. எழுவாய் மாறுகிறது. தப்பு.

கடைசிபெஞ்ச்: நான் கேட்டது வேறு. இரண்டு பக்கமும் வினைமுற்று இருந்தால் போதும். ‘மழை நின்றதால்; தண்ணீர் வடிந்தது’ என்று போட்டால்தான் தப்பு, ஏனென்றால் ‘நின்றதால்’ தனியாக நிற்காது. இவர் எழுதியதில் ‘நின்றுவிட்டது’, ‘சொன்னாள்’ இரண்டுமே முற்று. ஆகவே சரி.

செல்வி_72: இரண்டு பேர் சொன்னதிலும் ஓட்டை இருக்கிறது. ‘அவள் பெயர் மீனா; ஊர் திருவையாறு.’ இதில் எழுவாயும் மாறுகிறது, வினையே கிடையாது. யாராவது தப்பென்பார்களா? பெயரே பயனிலையாக வரும் மொழி இது. ‘நின்றதால்’ பற்றிச் சொன்னது மட்டும் சரி.
தம்பி, ஒன்று கேட்கிறேன். மழை நின்றது எந்த ஊரில்?

மொட்டைமாடி: பெங்களூரில். கதை சொல்பவன் அங்கே அறையில் இருக்கிறான். அம்மா சென்னையில்.

செல்வி_72: அங்கேதான் சிக்கல். நான் சென்னையில்தான் மழை நின்றது என்று படித்தேன். ‘என்று’ வாக்கியத்தின் கடைசியில் வருவதால் அது பின்னால் எவ்வளவு தூரம் கை நீட்டுகிறது என்பது வாசகருக்குத் தெரியாது. ‘வடியவில்லை’ என்பதை மட்டும் பிடிக்கிறதா, அரைப்புள்ளியைத் தாண்டி ‘நின்றுவிட்டது’ வரை போகிறதா? அரைப்புள்ளி பாதித் தடைதான், அதைத் தாண்டலாம். முற்றுப்புள்ளியைத் தாண்டாது. உங்கள் கதைக்கு முற்றுப்புள்ளி போடுங்கள். இரண்டையும் அம்மாதான் சொன்னாள் என்றால் ‘மழை நின்றுவிட்டதென்றும் தண்ணீர் வடியவில்லையென்றும்’ என்று இரண்டிலும் ‘உம்’ கொடுத்திருக்க வேண்டும்.
எளிய சோதனை: அரைப்புள்ளியை முற்றுப்புள்ளியாக்கிப் படியுங்கள். பொருள் மாறவில்லையென்றால் எதுவும் போடலாம். மாறினால் முதலில் எந்தப் பொருள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

கடைசிபெஞ்ச்: ‘உம்’ போட்டால் வாக்கியம் அரசு அறிக்கை மாதிரி ஆகிவிடுகிறதே அக்கா.

செல்வி_72: ஆகத்தான் செய்யும். பேச்சை அப்படியே மேற்கோளுக்குள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஏட்டுப்புலவர்: இவ்வளவு சிக்கல் ஏன்? இந்தக் குறியே வெள்ளைக்காரன் அச்சோடு வந்தது. ஓலைச்சுவடியில் ஏது அரைப்புள்ளி? வினையெச்சம் இருக்க நமக்கு இது எதற்கு? ‘மழை நின்றும் தண்ணீர் வடியவில்லை’ என்றால் முடிந்தது.

செல்வி_72: அப்படி எழுதினால் பெங்களூர் மழை சென்னைக்குப் போய்விடும் ஐயா. நீங்கள் மேலே எழுதிய வேலன் வாக்கியத்தில் இரண்டு அரைப்புள்ளி இருந்ததே?

தாமரைக்குளம்: வெள்ளைக்காரன் கதையை விடுங்கள். ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே தம் உரைநடையில் குறிகள் போட்டு எழுதினார். அவரைவிடத் தமிழ்ப் பற்று உங்களுக்கா?

ஏட்டுப்புலவர்: நாவலர் போட்டார் என்பதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் போடலாமா? அவர் வாக்கியம் எவ்வளவு நீளம் என்று பார்த்திருக்கிறீர்களா? அந்த நீளத்துக்கு இடையில் மூச்சு விட ஒரு குறி வேண்டும். உங்கள் நான்கு சொல் வாக்கியத்துக்கு எதற்கு?

தாமரைக்குளம்: இப்போது நீளமா பிரச்சினை? முதலில் எழுவாய் என்றீர்கள், அப்புறம் வெள்ளைக்காரன்.

கடைசிபெஞ்ச்: எனக்கு இன்னொரு சந்தேகம். அந்த இதழே அரைப்புள்ளி போடாத வழக்கம் வைத்திருந்தால்? நான் எழுதும் ஒரு பத்திரிகையில் எல்லாவற்றையும் முற்றுப்புள்ளியாக்கிவிடுவார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள்.

செல்வி_72: அதுவும் இருக்கலாம். தம்பி, கதையில் வேறு இடத்தில் அரைப்புள்ளி இருந்ததா? அதையும் வட்டமிட்டார்களா?

மொட்டைமாடி: முற்றுப்புள்ளி போட்டு அனுப்பிவிட்டேன். நன்றி அக்கா. மற்ற இடங்களைப் பார்க்க நேரமில்லை.

பொன்னிநதி: ஷிப்ட் வேலை செய்ததா?